கடன் இடம் மாறினால் தீர்ந்ததாகுமா?

அருப்புக்கோட்டையில் ஓர் அஸருக்குப் பின் நம்மிடம் ஒரு சகோதரர் வந்தார். திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் சீமைக்கருவேலங்கரி வாங்கி லாரியில் அனுப்புகிறவர். மழையில் மூட்டங்கள் நனைந்துபோய், வரவேண்டிய பணமும் நின்றுவிட்ட ஒரு பருவத்தில், டீசலுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கும் கிரெடிட் கார்டைத் தேய்த்திருக்கிறார். பாக்கி 60,000 ரூபாயில் வந்து நின்றது. வேறொரு வங்கி, "உங்கள் பாக்கியை எங்கள் கார்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், வட்டி குறைவு" என்று அழைக்க, மாற்றிக்கொண்டார். ஆங்கிலத்தில் இதனை பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்பர்.

அவர் கையில் இரண்டு ஸ்டேட்மென்ட் தாள்கள் இருந்தன. "ஹஜ்ரத், பழைய கார்டை முடித்தாகிவிட்டது என்றார்கள். அதிலே இன்னும் 1,385 ரூபாய் நிற்கிறது. புதிய கார்டிலே தவணை 5,415 என்றார்கள், 6,966 கேட்டிருக்கிறார்கள். என்னை ஏமாற்றிவிட்டார்களா? வட்டி குறைந்திருக்கிறதே, பாவமும் குறையுமா?" என்று கேட்டார்.

கேள்விகள் இரண்டு. முதலாவது கணக்கைப் பற்றியது, இரண்டாவது மார்க்கத்தைப் பற்றியது. கணக்கு தெளியாமல் மஸ்அலா தெளியாது. ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

பழைய கார்டில் நடந்தது

பல கார்டுகளில் மாத வட்டி மூன்றரை விழுக்காடும் அதற்கு மேலுமாக இருக்கிறது. இவருடைய கார்டில் மூன்றரை. 60,000 ரூபாய்க்கு மாதம் 2,100 ரூபாய் வட்டி. வங்கிக் கடன்களின் வட்டிக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. கிடையாது, கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் 18 விழுக்காடு உண்டு. அது 378 ரூபாய். ஆக மாதம் 2,478 ரூபாய். இவர் மாதந்தோறும் கட்டிவந்தது சுமார் 3,000 ரூபாய். அதில் 2,478 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விட, அசலில் குறைந்தது 522 ரூபாய்தான். "மினிமம் கட்டினால் போதும்" என்னும் சொல்லின் உண்மை இதுவே. நோட்டீஸ் வராமலிருக்க அது போதும். கடன் தீர அது போதாது.

சட்டம் இந்த வட்டிக்கு வரம்பு கட்டியிருக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே அந்த அரண் இப்போது இல்லை.

1,385 ரூபாய் எங்கிருந்து வந்தது?

இவருடைய பழைய ஸ்டேட்மென்ட் 5ஆம் தேதி போடப்பட்டது. அதிலிருந்த 60,000 என்னும் தொகையைத்தான் புதிய வங்கிக்கு எழுதிக் கொடுத்தார். புதிய வங்கி பரிசீலித்து, பழைய கார்டுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது 22ஆம் தேதி. இடையில் 17 நாட்கள். கார்டு வட்டி நாட்கணக்கில் ஓடுவது. ஆண்டுக்கு 42 விழுக்காடு என்றால் 60,000 ரூபாய்க்கு நாளொன்றுக்கு 69 ரூபாய். 17 நாளுக்கு 1,174 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 211 ரூபாய், கூட்டினால் 1,385. இது ஏமாற்று அன்று. மாற்றத்துக்குக் காத்திருந்த நாட்களின் வட்டி. ஸ்டேட்மென்டில் எழுதிய தொகை அந்தத் தேதியின் தொகையே அன்றி, பணம் போய்ச் சேரும் தேதியின் தொகை அன்று.

ஆபத்து இனிமேல்தான். "கார்டை முடித்தாகிவிட்டது" என்று அந்தத் தாளைப் பிரிக்காமலே போட்டுவிட்டால், கெடுதேதி கடந்துவிடும். ரிசர்வ் வங்கியின் விதிமுறைப்படி, கெடுதேதிக்குப் பின் மூன்று நாட்களுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். ஆனால் அதற்குப் பின் அது வரும், அதன்மேல் வரியும் வரும், பெயரும் கெடும். ஆகவே இரண்டு காரியங்கள் கட்டாயம். ஒன்று, மாற்றம் முடியாதிருக்கும்போது கெடுதேதி வந்துவிட்டால் பழைய கார்டின் மினிமம் தொகையை நாமே கட்டிவிட வேண்டும். இரண்டு, பணம் போய்ச் சேர்ந்த பின் வரும் ஸ்டேட்மென்ட்டையும், அதற்கு அடுத்ததையும் வாங்கிப் பார்க்க வேண்டும். செலுத்தவேண்டிய மொத்தத் தொகை என்ற இடத்தில் பூஜ்யம் வந்தால்தான் கடன் அந்த வீட்டைவிட்டுப் போயிற்று என்று கொள்ளலாம்.

6,966 ரூபாய் எப்படி ஆயிற்று?

புதிய வங்கி சொன்னது மாதம் ஒன்றேகால் விழுக்காடு, 12 தவணை, மாறாத தவணை 5,415 ரூபாய். அதனோடு ஒரு முறை மட்டும் இரண்டு விழுக்காடு பிராசஸிங் கட்டணம். முதல் மாத ஸ்டேட்மென்டில் இவை ஒரே வரியில் வரவில்லை. பிரிந்து பிரிந்து வந்திருக்கின்றன:

தவணையின் அசல் பகுதி – ரூ. 4,665
தவணையின் வட்டிப் பகுதி – ரூ. 750
வட்டிக்கு ஜி.எஸ்.டி. – ரூ. 135
பிராசஸிங் கட்டணம் – ரூ. 1,200
கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. – ரூ. 216
ஆக மொத்தம் – ரூ. 6,966

சில வங்கிகள் ஜி.எஸ்.டி.யை ஒரே வரியாக 18 விழுக்காடு என்று காட்டும். சில, மத்திய வரி ஒன்பது, மாநில வரி ஒன்பது என இரண்டாகக் காட்டும். இரண்டும் ஒன்றே. இரண்டாம் மாதம் முதல் கட்டணம் வராது. வட்டியும் அதன் வரியும் மாதாமாதம் இறங்கிவரும், அசல் பகுதி ஏறிவரும். அப்படி இறங்காமல் வட்டிப் பகுதி ஒவ்வொரு மாதமும் 750 என்றே நின்றால், குறையும் பாக்கிக்கு அன்றி முதற்கடன் முழுமைக்கும் வட்டி போடுகிறார்கள் என்று பொருள். உடனே கேட்க வேண்டும்.

12 மாதமும் கூட்டினால் வட்டி 4,986, அதற்கு வரி ஏறத்தாழ 898, கட்டணமும் வரியும் 1,416. ஆக ஏறத்தாழ 7,300 ரூபாய் கூடுதல் செலவு. இதே 60,000 ரூபாயைப் பழைய கார்டிலேயே வைத்து 12 மாதத்தில் ஒழுங்காக அடைத்தால் கூடுதல் செலவு ஏறத்தாழ 17,300 ரூபாய். மாற்றியதால் மிச்சம் சுமார் 10,000 ரூபாய். இவர் ஏமாறவில்லை.

ஆனால் எல்லாருக்கும் இது மிச்சமாகாது. ஒரே மாதத்தில் கரிப்பணம் வந்து கடனை அடைத்துவிடக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். பழைய கார்டில் அவருக்கு 2,478 ரூபாய் செலவு. மாற்றினால் 750, 135, 1,416 சேர்ந்து 2,301. மிச்சம் 177 ரூபாய்தான். முன்கூட்டி அடைப்பதற்கென்று தனிக் கட்டணம் இருந்தால் அதுவும் போய்விடும், மேற்கொண்டும் நட்டமாகும். கட்டணம் முதல் மாதமே போய்விடுவது, திரும்பாது. ஆகவே எத்தனை மாதத்தில் அடைப்போம் என்று தெரியாமல் மாற்றக் கூடாது.

மார்க்கத்தின் பார்வை

ஒருவர் கடனை மற்றொருவர் பொறுப்புக்கு மாற்றுவதற்கு ஃபிக்ஹில் ஹவாலா என்று பெயர். (சட்டவிரோதப் பண அனுப்புதலை மக்கள் அப்பெயரால் அழைப்பது வேறு.) வசதியுள்ளவர் ஒருவரிடம் கடனை மாற்றிவிட்டால், அதனை ஏற்றுக்கொள்ளும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். அதில் 60,000 மாறினால் 60,000தான், கூடாது, குறையாது. இங்கே நடந்தது அதுவன்று. புதிய வங்கி, கூடுதலாகத் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு புதிதாக ஒரு கடன் கொடுத்து, அதனைக் கொண்டு பழைய கடனை அடைத்திருக்கிறது. பெயர் மாற்றம் என்றிருந்தாலும் அது வட்டிக் கடனே. ஒன்றேகால் விழுக்காடு என்பதால் அது ஹலாலாகிவிடாது.

"வட்டியே இல்லை, கட்டணம் மட்டும்" என்று வரும் அழைப்பும் உண்டு. கடன் கொடுப்பதற்கு உண்மையில் ஆகும் செலவை மட்டும் வாங்கலாம், அதற்கு மிஞ்சியது வட்டியே என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை 1986இல் அம்மானில் கூடித் தீர்மானித்தது. இவருடைய கட்டணத்தையே பாருங்கள். 60,000 ரூபாய்க்கு 1,200. 30,000 ரூபாயாக இருந்திருந்தால் 600. தாளும் வேலையும் இரண்டுக்கும் ஒன்றே. தொகையோடு சேர்ந்து வளரும் கட்டணத்தை வேலைக்கான கூலி என்று சொல்வது கடினம்.

அப்படியானால் வட்டியில் ஏற்கெனவே சிக்கியவர் என்ன செய்வது? முதல் வழி, வட்டியில்லாக் கைமாற்று. உறவினரோ ஜமாஅத்தாரோ 60,000 ரூபாயை அழகிய கடனாகக் கொடுத்து, மாதம் 5,000 வீதம் வாங்கிக்கொண்டால் 12 மாதத்தில் தீரும். ஒரு ரூபாய் வட்டியில்லை. இரண்டாவது, நகையோ பொருளோ இருந்தால் விற்று அடைத்தல். இவ்விரண்டும் முடியாதவர், பெரிய தீங்கைச் சிறியதாக்கி வெளியேறுவதற்கு மட்டும் மாற்றலாமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. புதிய வட்டி ஒப்பந்தம் எழுதுவதே கூடாது என்போர் உண்டு. நிர்ப்பந்தத்தின் அளவுக்கு இடமளிப்போரும் உண்டு. தம் நிலையை முழுமையாகச் சொல்லித் தம் ஆலிமிடம் ஃபத்வா கேட்டுக்கொள்க. இடமளிப்போரும்கூட வெளியேறும் வாசலாகவே இடமளிக்கிறார்கள்.

அந்த வாசல் மூடிக்கொள்வது எங்கே தெரியுமா? பழைய கார்டில் 60,000 ரூபாய் அடைந்தவுடன், அதே 60,000 ரூபாய் வரம்பு மீண்டும் திறந்துகொள்கிறது. அடுத்த மழைக்கு அதையும் தேய்த்தால் ஒரு கடன் இரண்டாகிவிடும். ஆகவே நாம் அவரிடம், "பாய், முதலில் இந்த 1,385ஐக் கட்டுங்கள். அடுத்த ஸ்டேட்மென்டில் பூஜ்யம் பார்த்ததும் கார்டை மூடும்படி எழுதிக் கொடுங்கள்" என்றோம். பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்குத் தரவேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிமுறை. எழுதிக் கொடுத்த தேதிக்கு அத்தாட்சி வைத்துக்கொள்ள வேண்டும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது, கடனை எழுதி வைப்பது பற்றியது. அவர் வீட்டில் இப்போது அதற்கென்று ஒரு நோட்டு இருக்கிறது. இடப்பக்கம் பழைய கார்டு, வலப்பக்கம் புதிய கார்டு. வலப்பக்கத்தில் மாதாமாதம் ஐந்து அல்லது மூன்று வரிகளை ஸ்டேட்மென்ட் பார்த்து எழுதுவது பள்ளியிறுதி படிக்கும் அவர் மகள். சென்ற மாதம் நம்மைக் கண்டபோது, "ஹஜ்ரத், இடப்பக்கம் சைபர் போட்டாச்சு" என்றார். வலப்பக்கத்திலும் அல்லாஹ் விரைவில் அதனை எழுதச் செய்வானாக!