பிரிக்காமல் விட்ட பொட்டலம்

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். 12 மிட்டாயை மூன்று பேருக்குப் பங்கு போடச் சொன்னால், ஆளுக்கு நாலு என்று உடனே சொல்லிவிடுகிறான். மூன்றாம் வாய்ப்பாடும் தடுமாறாமல் ஒப்பிக்கிறான். ஆனால் 74 ÷ 3 என்று தாளில் எழுதிக் கொடுத்தால் '21, மீதம் 1' என்று போடுகிறான். இரண்டு மூன்று தடவை செய்து காட்டிவிட்டேன், மறுநாள் அதே தப்பு. எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
– ஒரு தாய், மெர்லிமாவ், மலாக்கா

பதில்: அம்மா, உங்கள் மகனின் விடையைத் திருப்பிப் பெருக்கிப் பாருங்கள். 21 × 3 = 63; மீதம் 1 சேர்த்தால் 64. இருக்க வேண்டியது 74. சரியாகப் பத்து மிட்டாய் காணாமல் போயிருக்கிறது. அந்தப் பத்து எங்கே போனது என்று அவனே கண்டுபிடித்துவிட்டால் இந்தத் தப்பு நின்றுவிடும்.

அவன் 7-ஐ 3-ஆல் வகுத்து 2 என்று எழுதினான். மிஞ்சிய 1-ஐ விட்டுவிட்டு, 4-ஐத் தனியாக 3-ஆல் வகுத்து 1 என்று எழுதினான். 74 அவன் கண்ணுக்கு 7, 4 என்ற இரண்டு தனி எண்கள். 12 மிட்டாயை ஒவ்வொன்றாகப் பங்கு போட்ட பழக்கம் இங்கே உதவாது, ஏனென்றால் அதில் பத்து என்ற கட்டே வரவில்லை.

ஆகவே மிட்டாயைப் பொட்டலமாகக் கட்டுங்கள். பத்துப் பத்தாக ஏழு சிறு பிளாஸ்டிக் பைகளில் போட்டு, ரப்பர் வளையம் மாட்டுங்கள். வெளியே உதிரியாக நாலு. மிட்டாய் போதாவிட்டால் புளியங்கொட்டையும் சரிதான். மூன்று தட்டுகளை வைத்து, "முதலில் பொட்டலத்தைப் பங்கு போடு, பிரிக்காதே" என்று சொல்லுங்கள். தட்டுக்கு இரண்டு பொட்டலம் போகும். ஒன்று மிஞ்சும். அதை மூன்று தட்டுக்கு அப்படியே கொடுக்க முடியாது. என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவனே வளையத்தைக் கழற்றுவான். பத்தோடு உதிரி நாலு சேர்ந்து பதினாலு. தட்டுக்கு நாலு போக இரண்டு மிச்சம்.

கழித்தல் கணக்கை வலப்பக்கம் தொடங்குகிறோமே, வகுத்தலை ஏன் இடப்பக்கம் தொடங்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு தடவை உதிரியை முதலில் பங்கு போட விடுங்கள். பிறகு பொட்டலத்தைப் பங்கு போட்டால் ஒன்று மிஞ்சும், அதைப் பிரித்ததும் மறுபடி உதிரியைப் பங்கு போட வேண்டி வரும். ஒரே வேலை இரண்டு தடவை. பெரியதை முதலில் பங்கு போடுவது ஏன் என்று கைக்கே தெரிந்துவிடும்.

பதினாலைப் பங்கு போடும்போது ஒவ்வொன்றாக வைப்பதை மெல்ல நிறுத்துங்கள். ஒரு சுற்றுக்கு மூன்று மிட்டாய் வேண்டும். பதினாலில் எத்தனை மூன்று எடுக்கலாம்? இது குழுவாகப் பிரிப்பது. அவன் ஒப்பிக்கும் வாய்ப்பாடு இங்கேதான் வேலை செய்கிறது: 3 × 4 = 12, நாலு சுற்று. மீதம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு சுற்று பாக்கி என்று பொருள்.

இரண்டு மூன்று நாள் கழித்துத் தாளை எடுங்கள். தட்டும் பொட்டலமும் பக்கத்திலேயே இருக்கட்டும். கை ஒன்றைச் செய்தவுடன் பென்சில் அதை எழுத வேண்டும். பொட்டலம் இரண்டு போனதும் 7-க்கு மேல் 2. வளையத்தைக் கழற்றியதும் 4-க்கு முன்னால் சின்னதாக 1. அந்தச் சின்ன 1-ஐ எழுதும்போது "பிரித்த பொட்டலம்" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

```
     2   4   மீதம் 2
3 )  7  ¹4
```

பள்ளியில் பெருக்கி, கழித்து, கீழே இறக்கி நீளமாக எழுதுவார்கள். அதுவும் இதே வேலைதான். இங்கே கழித்தலை மனத்தில் செய்து, மிஞ்சியதை மட்டும் சின்னதாக எழுதுகிறோம். வீட்டுப்பாடத்தில் பள்ளி முறையையே எழுதட்டும்.

இது பழகியதும் 312 ÷ 3 கொடுத்துப் பாருங்கள். பல பிள்ளைகள் 14 என்று எழுதுவார்கள். நூறு மிட்டாய்ப் பெட்டி மூன்று: ஆளுக்கு ஒன்று. பொட்டலம் ஒன்றே ஒன்று: யாருக்கும் முழுதாகக் கிடைக்காது. அந்த 'யாருக்கும் இல்லை' என்பதைப் பத்தின் இடத்தில் 0 என்று எழுத வேண்டும். பிறகு பொட்டலத்தைப் பிரித்து உதிரி இரண்டோடு சேர்த்தால் பன்னிரண்டு, ஆளுக்கு நாலு. விடை 104.

ஒவ்வொரு கணக்கையும் திருப்பிப் பெருக்கி, மீதத்தைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 24 × 3 = 72, மீதம் 2 சேர்த்தால் 74. கூட்டி வந்த எண் பத்துப் பத்தாகக் குறைந்தால் "பொட்டலத்தைத் தேடு" என்று மட்டும் சொல்லுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.