தோல் மருத்துவரை முதன்முறை காணச் செல்லுமுன்

சங்கராபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து கரும்பு வெட்டும் தொழிலாளர் ஒருவர் வருவதாகக் கொள்வோம். தொடையிடுக்கில் மூன்று மாதமாக அரிப்பு. கடையில் வாங்கிய களிம்பைத் தடவியதும் நான்கே நாளில் தணிந்தது. நிறுத்தியதும் மீண்டும் வந்து, முன்னிலும் விரிந்து பரவியது. மருத்துவர் பார்க்கும்போது படர்தாமரைக்குரிய வளைய விளிம்பு மங்கிக் கிடக்கிறது.

இதற்குக் காரணம் அக்களிம்பில் கலந்துள்ள ஸ்டீராய்டு. அது சிவப்பையும் அரிப்பையும் அடக்குகிறது, பூஞ்சையையோ வளரவிடுகிறது. இத்தகைய 14 ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாதென மத்திய அரசு 2018ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆயினும் பழக்கம் முற்றிலும் ஒழியவில்லை.

எனவே நோயின் பழைய தோற்றத்தை மருத்துவருக்குக் காட்டுவது படங்களே. சொறி தொடங்கியபோதே, களிம்பு தடவுமுன், படம் எடுத்து வைத்தல் நன்று. பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இன்றி, எந்த உறுப்பு என்று தெரியுமாறு தொலைவிலிருந்து ஒன்றும், விளிம்பு தெளியுமாறு அருகிலிருந்து ஒன்றும் எடுக்கவும். அருகில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு விளங்கும். வாரம் ஒருமுறை அதே இடத்தை எடுத்தால், பரவும் வேகமும் புலப்படும்.

அடுத்தது, தடவியவற்றின் பட்டியல். பெயர் நினைவில் இல்லையெனில், தீர்ந்துபோன குழாய்களையும் அட்டைகளையும் பையில் இட்டுக் கொண்டு வாருங்கள். அவற்றின் பின்புறத்தில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. வண்டுகொல்லி இலைச்சாறு, எண்ணெய், சோப்பு, பவுடர் ஆகியவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரேயும் எத்தனை நாள் தடவினீர்கள், தடவியபின் என்ன ஆயிற்று என்று குறித்தால் போதும்.

மூன்றாவது, வரலாறு. வீட்டில் வேறு எவருக்கேனும் அரிப்பு உண்டா, துண்டைப் பகிர்ந்து கொள்கிறீர்களா, நீரிழிவு உண்டா, எந்த மாத்திரை உட்கொள்கிறீர்கள், எம்மருந்து ஒவ்வாது, கருவுற்றிருக்கிறீர்களா என்பவை வேண்டும். மேற்சொன்ன தொழிலாளரின் மனைவிக்கும் அரிப்பு இருந்தால், இருவருக்கும் ஒருங்கே மருத்துவம் செய்யாவிடில் நோய் திரும்பும்.

வரும் நாள் காலையில் புண்ணின்மேல் எதையும் பூசாதீர்கள். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பூஞ்சையைத் தேட வேண்டியிருக்கலாம். பூச்சு அதற்கு இடையூறு. ஆனால் நெடுநாள் தடவிய ஸ்டீராய்டைத் தாமாகவே அடியோடு நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் பெருகக்கூடும்; மருத்துவரைக் கேட்டே நிறுத்தவும்.

புதிய மாத்திரைக்குப் பின் காய்ச்சலோடு வாய்ப்புண்ணும் தோல் கொப்புளமும் தோன்றினால், படமும் பட்டியலும் எடுக்கக் காத்திராமல், அம்மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.