பழைய கார் வாங்கப் போறீங்களா? முதல்ல இதைப் பாருங்க!



போன மாதக் குழுக் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் 1 லட்சம் ரூபாய் கடன் கேட்டார். அவரது மாமனாருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வாடகைக் காருக்குக் கொடுத்துக் கட்டுப்படி ஆகவில்லை. அதனால் 2,20,000 ரூபாய்க்கு ஒரு பழைய சின்ன கார் பேசியிருந்தார். "ஒரே ஓனர், 52,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்காம் மேடம். நாளைக்கே அட்வான்ஸ் கொடுக்கணும்னு புரோக்கர் சொல்றாரு" என்றார். வண்டியைப் பார்த்த பிறகுதான் பணம் என்று குழு முடிவு செய்தது. மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவரும் நானும், தெரிந்த மெக்கானிக் ஒருவரும் போனோம்.

முதலில் காகிதம்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றாக இருக்கணும். இரண்டும் சரியாக இருந்தன. ஆனால் ஆர்.சி.யில் ஒரு ஃபைனான்ஸ் பெயர் இருந்தது. "கடன் எப்பவோ கட்டியாச்சு" என்றார் புரோக்கர். வாய்ச்சொல் போதாது. கடன் கொடுத்தவர் தரும் தடையில்லாச் சான்றும், அவர் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். இவை இல்லாமல் வாங்கினால், பாக்கிக்காக நம் வாசலில் நிற்கும் வண்டியை எடுத்துப் போய்விடுவார்கள்.

அடுத்து இன்சூரன்ஸ். அதில் 'நோ கிளைம் போனஸ்' என்று ஒரு வரி இருக்கும். விபத்துக்குப் பணம் வாங்காத ஒவ்வொரு வருடமும் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை கூடும் தள்ளுபடி அது. ஒரே ஓனர் பல வருடம் வைத்திருந்த இந்த வண்டிக்கு அது பூஜ்யம். இன்சூரன்ஸ் இடையில் விட்டுப்போனாலும் இப்படி வரலாம். எனவே சந்தேகத்தோடு வண்டிப் பக்கம் போனோம்.

அடிபட்ட அடையாளம்

பானட்டைத் திறந்து, பக்கத்துத் தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்க. கம்பெனியில் பெயின்ட் அடித்தபடியே இருந்தால் கழற்றவில்லை. இங்கே இடது பக்கம் மட்டும் பெயின்ட் உரிந்திருந்தது. துணி சுற்றிய காந்தத்தை வைத்தால் வலது பக்கம் ஒட்டியது, இடது பக்கம் நழுவியது. பட்டி பூசியிருக்கிறார்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தும் பார்க்கணும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் அதில் சேற்றுக் கறை தெரியும். 2015, 2023 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின.

டயர்

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. ஆறு வருடம் தாண்டினால், பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். இந்த வண்டியில் முன் இடது டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. அலைன்மென்ட் சரியில்லை, அல்லது அடிபட்டதில் அடிப்பாகம் வளைந்திருக்கு. எந்தப் பக்கம் பெயின்ட் உரிந்ததோ அதே பக்கம்!

இன்ஜின் சத்தம்

காலையில் போனது இதற்காகத்தான். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை சொல்லும். பானட்டைத் தொட்டுப் பாருங்க. சூடாக இருந்தால் முன்னாடியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மேலே இருந்து 'டிக் டிக்' என்று மெதுவாக வந்தால் பெரும்பாலும் வால்வு அட்ஜஸ்ட்மென்ட்தான், சின்னச் செலவு. கீழே இருந்து 'டொக் டொக்' என்று கனமாக வந்து, ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் பேரிங் போயிருக்கலாம். அந்த வண்டி வேண்டாம். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. இந்த வண்டியில் இரண்டும் இல்லை.

சர்வீஸ் பில்

சர்வீஸ் புத்தகம் தொலைந்துவிட்டது என்றார்கள். டாஷ்போர்டு பெட்டியில் 2021 சர்வீஸ் பில் ஒன்று கிடந்தது. அதில் எழுதியிருந்தது 78,000 கிலோமீட்டர். மீட்டரிலோ 52,000! மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள்.

நம் சகோதரி அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பினார். மூன்று வாரம் கழித்து இன்னொரு கார் கிடைத்தது. அதன் பில்கள் வரிசையாக இருந்தன. டயர் மட்டும் பழசு. அதைக் காட்டி, புது டயர் விலையைக் கழித்தே பேசினார். ஓனரிடம் படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிய பிறகே முழுப் பணம் கொடுத்தார். 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும், 30 நாளுக்குள் ஆர்.சி.யையும் தன் பெயருக்கு மாற்ற மனு கொடுத்துவிட்டார்.

மெக்கானிக்குக் கொடுத்தது 500 ரூபாய். குழுவில் வாகனக் கடன் மனு வந்தால், இந்த ஐந்தையும் பார்த்தாச்சா என்று கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதிக்கோங்க.