எடை சரியா இருக்கு, சத்து சரியா இருக்கா?

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறது. ஏறி நிற்கிறீர்கள், 55 கிலோ காட்டுகிறது. உயரம் 158 செ.மீ. போனில் கணக்குப் போட்டால் உடல் நிறை குறியீட்டெண் 22 வருகிறது. 18.5 முதல் 24.9 வரை சரியான எடை என்பதால் 'நமக்கு ஒண்ணும் இல்லப்பா' என்று இறங்கி விடுகிறோம். ஆனால் அந்த மெஷினால் சொல்லவே முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் நம்ம மாநிலத்தின் கணக்கு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதே ஆய்வில், எடை குறைவாக இருந்த பெண்கள் 12.6 சதவீதம் மட்டுமே. எடை குறைந்த எல்லாருக்குமே ரத்தசோகை என்று வைத்துக்கொண்டாலும், மீதி சுமார் 40 சதவீதம் பேர் யார்? பார்த்தால் நல்லாத்தான் தெரிகிற, எடை சரியாகவோ கூடுதலாகவோ உள்ள பெண்கள்தான் அவர்கள்.

மெஷின் எதைக் காட்டுகிறது?

உங்கள் எடை என்பது பெரும்பாலும் தண்ணீர், தசை, கொழுப்பு, எலும்பு ஆகியவற்றின் எடை. சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியும் நீங்கள் செலவழிக்கும் சக்தியும் சமமாக இருந்தால் எடை மாறாது. அந்தச் சக்தியை வெறும் சோறும் எண்ணெயும் சர்க்கரையுமே தந்துவிடும்.

இரும்புச்சத்து அப்படியில்லை. ஒரு மனிதர் உடலில் இருக்கும் மொத்த இரும்பே சுமார் 3 முதல் 4 கிராம்தான். ஏறக்குறைய ஒரு ஒற்றை ரூபாய் நாணயத்தின் எடை. அதில் பாதி காணாமல் போனால்கூட எந்த எடை மெஷினும் காட்டாது. ஆனால் உடலுக்குத் தெரியும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை உருவாக்க அந்த இரும்புதான் வேண்டும்.

ஒரு உதாரணம் பார்ப்போம்

27 வயதுப் பெண் ஒருவர். துணிக்கடையில் வேலை. மேலே சொன்ன அதே 55 கிலோ. மூன்று வருடமாக மாறவே இல்லை. காலையில் இட்லி, கூடவே டீ. மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல். சாயங்காலம் டீ, பிஸ்கட். இரவு தோசை. வயிறு நிறைகிறது, பட்டினி கிடையாது.

இப்போது இரும்பின் வரவு செலவைப் பாருங்கள். தோல், குடல் வழியாகத் தினமும் சுமார் 0.8 மில்லிகிராம் இரும்பு எல்லாருக்குமே போகும். மாதவிடாயில் 40 மில்லி ரத்தம் போனால், ஒரு மில்லிக்கு அரை மில்லிகிராம் வீதம் 20 மில்லிகிராம் போகிறது. மாதத்துக்குப் பிரித்தால் தினமும் சுமார் 0.7. மொத்தச் செலவு 1.5.

வரவு? 100 கிராம் வெள்ளை அரிசியில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இருக்காது. பருப்பு, காய் எல்லாம் சேர்த்து அவருக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சைவ உணவில் உள்ள இரும்பில் உடல் எடுத்துக்கொள்வது 8 சதவீதம் அளவில்தான். அதாவது 1.2. தினமும் 0.3 குறைகிறது. கேட்க சின்ன எண்தான். ஆனால் ஒரு வருடத்தில் 100 மில்லிகிராமுக்கு மேல் ஆகிவிடும். பெண்களின் உடலில் இருக்கும் சேமிப்பே சுமார் 300 மில்லிகிராம்தான். கையிருப்பு குறையும்போது உடல் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சப் பார்க்கும். ஆனால் சாப்பாட்டோடு குடிக்கும் டீ அந்த முயற்சியைக் கெடுத்துவிடும். மூன்று வருடத்தில் சேமிப்பு ஏறக்குறைய காலி. எடையோ அதே 55!

ரத்தப் பரிசோதனையும் ஏமாற்றலாம்

அவர் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது என்று பரிசோதனைக்குப் போகிறார். ஹீமோகுளோபின் 12.2. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால்தான் ரத்தசோகை. 'நார்மல்' என்று வந்துவிடுகிறார். இங்கேதான் தவறு நடக்கிறது. இரும்பு குறையும்போது உடல் முதலில் சேமிப்பைக் காலி செய்யும். ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற வேறொரு பரிசோதனை. அது 15-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு உறுதி. இவருக்கு 9 இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கவனிக்காமல் விட்டால் அடுத்த வருடம் ஹீமோகுளோபினும் 10-க்கு வந்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் உயர்ந்து காட்டும். அப்போது 'சரியா இருக்கு' என்று நம்ப முடியாது. உடம்பு தேறியபிறகு பார்ப்பது நல்லது.

வீட்டிலேயே கவனிக்க ஓர் அடையாளம் உண்டு. பச்சரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி, ஐஸ்கட்டி போன்றவற்றைச் சாப்பிடத் தோன்றிக்கொண்டே இருக்கிறதா? 'அது பழக்கம்' என்று சிரித்து விட்டுவிடாதீர்கள். இரும்புக் குறைவில் இந்த ஆசை வருவது தெரிந்த விஷயம்.

என்ன செய்யலாம்?

1. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை இலவசம். எண் 12-ஐ ஒட்டி இருந்து சோர்வும் இருந்தால், ஃபெரிட்டின் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். சந்தேகங்களுக்கு 104-ஐ அழைக்கலாம்.

2. டீ, காபியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். செலவில்லாத மாற்றம் இது. கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

3. வாரத்தில் சில வேளை வெள்ளை அரிசிக்குப் பதில் கம்பு, கேழ்வரகு; பொரியலுக்குப் பதில் கொள்ளு, கீரை. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரலும் இறைச்சியும் எளிதில் உறிஞ்சப்படும் இரும்பைத் தரும்.

4. டாக்டர் மாத்திரை எழுதித் தந்தால் பால், டீ, கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் திரும்பப் போய்க் காட்டுங்கள். ஏறிவிட்டது என்று உடனே நிறுத்தினால் காலியான சேமிப்பு நிரம்பாது. சில மாதத்தில் பழைய கதைதான். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

நீங்களாகவே கடையில் இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம். தலசீமியா போன்ற பரம்பரைக் குறைபாட்டிலும் ஹீமோகுளோபின் குறையும். அங்கே இரும்பு தேவைப்படாமலே இருக்கலாம். ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்பு குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

இங்கே பார்த்தது இரும்பு மட்டும். பி12, அயோடின், வைட்டமின் ஏ எல்லாமே உடலுக்கு மிகச் சிறிய அளவில் தேவைப்படுபவை. அவற்றின் குறைவும் எடையில் தெரியாது. அடுத்த முறை மெஷினில் ஏறி, எண் சரியாக இருக்கிறது என்று இறங்கும்போது, கடைசியாக எப்போது ரத்தம் பரிசோதித்தோம் என்பதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.