புஷ்பராகமும் டோபாஸும் ஒன்றா?

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நவரத்தின மோதிரம் வாங்குவோர், கல்லின் தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். சான்றிதழிலோ ஆங்கிலப் பெயர்தான் இருக்கும். இரண்டும் ஒரே பொருளைக் குறிக்கின்றனவா என்று பார்த்து வாங்கவேண்டும்.

வைரம் டயமண்ட், மாணிக்கம் ரூபி, நீலம் புளூ சஃபயர், மரகதம் எமரால்ட், முத்து பேர்ள், பவளம் கோரல், கோமேதகம் ஹெசனைட் என்ற தேன்நிறக் கல். இவற்றுடன் புஷ்பராகமும் வைடூரியமும் சேர்ந்தால் ஒன்பது.

நம்பிக்கை: ஒன்பதும் ஒன்பது வகைக் கற்கள்.

உண்மை: முத்தும் பவளமும் கற்களே அல்ல, கடலுயிர்கள் உண்டாக்குபவை. மன்னார்க் கடலின் முத்து சிப்பிக்குள் விளைந்தது. மாணிக்கம், நீலம், புஷ்பராகம் மூன்றும் குருந்தம் என்ற ஒரே கனிமம். அதில் குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தால் நீலம். மஞ்சளுக்குப் பெரும்பாலும் இரும்பே காரணம்.

நம்பிக்கை: புஷ்பராகம் என்றால் டோபாஸ்.

உண்மை: நவரத்தினப் புஷ்பராகம் யெலோ சஃபயர். இலங்கை வியாபாரிகள் முன்பு அதையே ‘கிங் டோபாஸ்’ என்று விற்றதால் குழப்பம் நிலைத்துவிட்டது. டோபாஸ் வேறு கனிமம், விலையும் குறைவு. அதனிலும் மலிவான சிட்ரின் என்ற மஞ்சள் படிகக்கல்லும் இதே பெயரில் விலைபோவதுண்டு.

மோதிரத்தில் பதிக்குமுன் எடைபோட்டால் வேறுபாடு தெரியும். 10 கரட் கல் 2 கிராம். நூறில் ஒரு கிராம்வரை காட்டும் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூச்சியமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியில் முட்டாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு 0.50 கிராம் காட்டினால் குருந்தம், 0.57 காட்டினால் டோபாஸ், 0.75 காட்டினால் சிட்ரின். கல் சிறிதானால் இந்த இடைவெளியும் சுருங்கும். ஒரு கரட் கல்லுக்கு இந்த முறை உதவாது.

நம்பிக்கை: பூனைக்கண் போல ஒளிக்கோடு ஓடினால் அது வைடூரியம்.

உண்மை: வைடூரியம் கிரிசோபெரில் என்ற கனிமம். உள்ளே இழைகள் ஒரே திசையில் நெருங்கி நிற்பதால் ஒளி ஒரு கோடாகத் திரள்கிறது. இழைகள் உள்ள சாதாரண படிகக்கல்லிலும் அந்தக் கோடு தெரியும். 2 கிராம் வைடூரியத்துக்குத் தராசு 0.54 காட்டும்; படிகக்கல்லுக்கு 0.75.

ஆய்வுகூடத்தில் செய்த செயற்கைக் குருந்தத்தை இந்தத் தராசு பிடிக்காது. அதன் அடர்த்தியும் இயற்கைக் கல்லினதே. அதற்கு நுண்காட்டிப் பரிசோதனை வேண்டும். கொழும்பில் தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடம் இதைச் செய்கிறது. சான்றிதழில் ‘யெலோ சஃபயர்’ என்பதோடு, ‘இயற்கை’ என்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.