செங்குழியப் படிவு வீதம்: ஒரு மணி நேரச் சோதனை

கண்டிப் பகுதியில் மழைக்காலத்தின் பின் காய்ச்சல் பரவும்போது வைத்தியசாலைகளில் ஒரு வினா அடிக்கடி எழுவதுண்டு. காய்ச்சலின் ஐந்தாம் நாள் கைகால்கள் குளிர்ந்து, நாடி தளர்ந்து, அதிர்ச்சி நிலையில் ஒருவர் கொண்டுவரப்படுகிறார். அவரைத் தாக்கியது டெங்குவா, குருதியிற் பரவிய பற்றீரியத் தொற்றா? இரண்டும் ஒரே கோலத்துடன் வரக்கூடும், சிகிச்சைகளோ வேறு. டெங்கு நோயாளிக்கு நாளத்தினூடாக ஏற்றும் திரவத்தை அளந்தளந்து கொடுத்தல் வேண்டும். மிகுந்தால் அது நுரையீரலைச் சுற்றித் தேங்கி உயிருக்கு ஊறு செய்யும். பற்றீரியத் தொற்றுக்கோ நுண்ணுயிர்கொல்லி மருந்தைத் தாமதமின்றித் தொடங்குதல் வேண்டும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். இவ்வினாவுக்கு விடை காண உதவும் எளிய சோதனைகளுள் ஒன்றே, நம்மவர் 'ஈ.எஸ்.ஆர்.' என வழங்கும் செங்குழியப் படிவு வீதம்.

உறையாது காக்கப்பட்ட குருதியை ஒரு குழாயில் நிறுத்தி வைத்தால் செங்குழியங்கள் கீழே அடைய, மேலே வைக்கோல் நிறத் திரவவிழையம் தெளிந்து நிற்கும். முதல் ஒரு மணி நேரத்தில் அத்தெளிந்த பகுதி எத்தனை மில்லிமீற்றர் உயரமோ அதுவே படிவு வீதமாகும். கருவுற்ற பெண்களின் குருதி விரைந்து படிவதை 1918இல் சுவீடன் நாட்டு அறிஞர் பரேயுஸ் கவனித்தார். அதே நாட்டைச் சேர்ந்த வெஸ்ரகிரன் 1921இல், காசநோயாளர் குருதியை ஆராய்ந்து, அளக்கும் முறையை வகுத்தார். இன்றும் ஒப்பீட்டுக்குரிய முறை அவருடையதே.

முறை எளிது. நாளத்திலிருந்து எடுத்த குருதியில் நான்கு பங்கை, நூற்றுக்கு 3.8 செறிவுள்ள சோடியம் சித்திரேற்றுக் கரைசல் ஒரு பங்குடன் மெல்லக் கலக்கவேண்டும். சித்திரேற்று கல்சியத்தைப் பிணித்துக் குருதி உறைவதைத் தடுக்கும். 300 மி.மீ. நீளமும் ஏறத்தாழ 2.5 மி.மீ. உள்விட்டமும் கொண்ட கண்ணாடிக் குழாயில், குமிழி புகாமல், சுழியக் கோடு வரை அதனை நிரப்பவேண்டும். முற்காலத்தில் வாயால் உறிஞ்சி நிரப்பினர். அது தொற்றுக்கு வழியாதலின் இன்று ரப்பர்க் குமிழ் பயன்படுகிறது. பின்னர்க் குழாயைத் தாங்கியில் நேராக நிறுத்தி, வெயிலும் அதிர்வும் படாத இடத்தில் வைத்து, சரியாக 60 நிமிடத்தில் வாசிக்கவேண்டும்.

அரை மணியில் வாசித்து இரண்டால் பெருக்கினாற் போதாதா என மாணவர் கேட்பதுண்டு. போதாது, படிவு ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. முதற் பத்து நிமிடம் வரை செங்குழியங்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அடுக்குகளாகின்றன. அப்பொழுது வீழ்ச்சி சிறிது. அடுத்த நாற்பது நிமிடம் அவ்வடுக்குகள் விரைந்து இறங்குகின்றன. இறுதியில் அடியில் நெருங்கி வேகம் குன்றுகின்றன.

இவ்வடுக்குகளே வீதம் ஏறவும் இறங்கவும் காரணமாவன. செங்குழியங்களின் மேற்பரப்பு மறை ஏற்றம் உடையது. ஆதலால் அவை ஒன்றையொன்று தள்ளி நிற்கும். திரவவிழையத்திலுள்ள பைபிரினோசன் என்னும் புரதமும் பிறபொருளெதிரிப் புரதங்களும் மிகும்போது அத்தள்ளுகை தளர்கிறது. அடுக்குகள் பெரிதாகின்றன, பெரிய அடுக்கு விரைந்து வீழும். காசநோய், மூட்டுவாதக் காய்ச்சல், பற்றீரியத் தொற்று ஆகியவற்றில் வீதம் உயர்வது இதனாலேயே. நோயல்லாத கருப்ப காலத்திலும் பைபிரினோசன் மிகுவதால் வீதம் உயரும். முதுமையிலும் ஓரளவு கூடும். குருதிச்சோகையில் குழியங்கள் குறைவாதலால் அடுக்குகள் தடையின்றி இறங்கி வாசிப்பை உயர்த்தும்.

குழியங்கள் மிகுந்து குருதி செறிவுற்றாலும், பைபிரினோசன் குறைந்தாலும், அரிவாள்போலவோ கோளமாகவோ உருமாறிய குழியங்கள் அடுக்காக இயலாவிடினும் வீதம் தாழும்.

இனி நம் வினாவுக்கு மீள்வோம். விளக்கத்தின் பொருட்டு, முப்பது வயதுடைய இரு ஆடவர் அதிர்ச்சி நிலையில் வந்ததாகக் கொள்வோம். முதல்வருக்குக் குருதியில் செங்குழியங்களின் பங்கு, அதாவது பி.சி.வி., நூற்றுக்கு 40 ஆக இருந்து 50 ஆகியுள்ளது. படிவு வீதம் 6 மி.மீ. இரண்டாமவருக்குப் பி.சி.வி. 36; வீதம் 68 மி.மீ. முதல்வரின் குருதிக் கலன்களிலிருந்து திரவவிழையம் கசிந்துள்ளது. குருதி செறிந்தது, பைபிரினோசனும் குறைந்தது. இவ்விரண்டும் சேர்ந்தே வீதத்தைத் தாழ்த்தின. இது டெங்குவின் இயல்பு. அதிர்ச்சி நிலையில் 10 மி.மீ.க்குக் குறைந்த வீதம் டெங்கு அதிர்ச்சியைத் தொற்று அதிர்ச்சியினின்று வேறுபடுத்த உதவும் என உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டியும் கூறுகிறது. இரண்டாமவரிடம் தொற்றையே முதலில் ஐயுறவேண்டும்.

ஆகவே இங்கு மிக அஞ்சத்தக்கது வாசிப்பைப் பொய்யாகத் தாழ்த்தும் பிழையாகும். இரண்டாமவரின் குருதி மலைத்தோட்டம் ஒன்றில் காலையில் எடுக்கப்பட்டு, பேருந்திற் கண்டிக்கு வந்து, மாலையில் குழாயில் ஏறியதாக எண்ணுக. அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்த குருதியில் குழியங்கள் கோளவடிவை நோக்கி மாறி, அடுக்காகும் ஆற்றலை இழக்கும். எடுத்தபோது சரியாகக் கலக்காமையால் சிறு கட்டி உறைந்திருந்தால், பைபிரினோசனின் ஒரு பகுதி அக்கட்டியிலேயே போய்விடும். இவ்வாறு 68 ஆக வேண்டியது மிகத் தாழ்ந்து, தொற்றுடையவர் டெங்கு நோயாளியெனக் கருதப்படலாம். இதனைத் தடுக்கும் வழி, குருதி எடுத்த நேரத்தைக் குப்பியின்மேல் எழுதுவதும், நிரப்புமுன் ஒரு மரக்குச்சியால் கட்டி உண்டா எனத் துழாவிப் பார்ப்பதுமே. ஐயமிருப்பின் மீண்டும் குருதி எடுத்தலே நன்று.

வெப்பநிலையும் கவனிக்கத்தக்கது. இச்சோதனைக்குரியது 18 முதல் 25 பாகை வரையான வெப்பம். கண்டியின் சராசரி இவ்வெல்லையின் மேல்விளிம்பை ஒட்டியது. நுவரெலியாவின் குளிர் வாசிப்பைத் தாழ்த்தும். யாழ்ப்பாணத்தின் வெப்பம் உயர்த்தும். குளிர்பெட்டியில் இருந்த குருதியை அறை வெப்பத்துக்குக் கொணர்ந்தே நிரப்பவேண்டும்.

குழாய் சாய்வதோ எதிர்த்திசைப் பிழை. சாய்ந்த குழாயில் குழியங்கள் கீழ்ச்சுவரை அடைந்து அதன்வழி வழுக்கி இறங்க, திரவம் மேற்சுவரோரம் தடையின்றி ஏறும். மூன்று பாகைச் சாய்வே வாசிப்பை நூற்றுக்கு முப்பது வரை உயர்த்தவல்லது. சாய்ந்த குழாயில் குருதி விரைந்து படிவதை 1920இல் பொய்கொற் என்பார் எடுத்துக்காட்டினார்.

இச்சோதனைக்கு எல்லையும் உண்டு. பைபிரினோசன் பெருகச் சில நாள் செல்லும். ஆதலால் தொற்றின் முதல் நாளில் வீதம் இயல்பாகவே இருக்கலாம். டெங்குக் கண்ட கருப்பிணியிடமோ சோகையுடையவரிடமோ வீதம் எதிர்பார்த்தபடி தாழாதிருக்கலாம். ஆகவே பி.சி.வி., குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை, நோயாளியின் நாடி, குருதியமுக்கம் ஆகியவற்றோடு சேர்த்தே இதனை வாசிக்கவேண்டும். அதிர்ச்சியுற்றவருக்கு உதவி செய்ய அந்த ஒரு மணி நேரம் காத்திருத்தலும் ஆகாது. குழாய் தாங்கியில் நிற்கையிலேயே சிகிச்சை தொடங்கிவிடல் வேண்டும்.