திரையில் ஓடும் எழுத்து

தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் தாளைப் பார்க்காமல் நேயர்களை நோக்கிப் பேசுவதுபோல் தோன்றுவதற்கு டெலிபிராம்ப்டர் என்னும் கருவியே காரணம். ஒளிப்படக்கருவியின் வில்லைக்கு முன்னால், ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி பொருத்தப்பட்டிருக்கும். அதன் கீழுள்ள திரையில் எழுத்துகள் இடவல மாற்றமாக ஓடும். அவை கண்ணாடியில் எதிரொளித்து, வாசிப்பவருக்கு நேராகத் தெரியும். கண்ணாடியின் மறுபுறம் இருள் சூழ்ந்திருப்பதால் ஒளிப்படக்கருவி வாசிப்பவரின் முகத்தை மட்டுமே பதிவு செய்யும். எழுத்து அதில் பதிவாகாது.

இக்கருவிக்கென எழுதப்படும் உரை, அச்சுக்குரிய உரையினின்று வேறுபட்டது. அச்சில் வரி எங்கு முடிந்தாலும் பொருள் மாறாது. படிப்பவரின் கண் அடுத்த வரிக்குச் சென்று திரும்பும். டெலிபிராம்ப்டரிலோ வரியின் முடிவு குரலின் முடிவாக மாறிவிடுகிறது. கண் வரியின் ஓரத்தை எட்டியதும் குரல் தன்னையறியாமல் தாழ்கிறது. எனவே, வரி முறியும் இடம் கருத்து முறியும் இடமாகவும் இருத்தல் வேண்டும்.

வரி குறுகியிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நீண்ட வரியைப் படிக்கும் கண், இடமிருந்து வலமாக ஓடும். அவ்வோட்டம் நேயர்களுக்குத் தெரிந்துவிட்டால், தம்மை நோக்கிப் பேசுபவர் எதையோ படிக்கிறார் என்பது வெளிப்பட்டுவிடும். தமிழில் உருபுகளும் இடைநிலைகளும் விகுதிகளும் சேர்ந்து சொற்கள் நீள்வதால், ஒரு வரிக்கு இரண்டு முதல் நான்கு சொற்களே பொருந்தும்.

கற்பனையான மழைச் செய்தி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வரியின் அகலத்தை மட்டும் கருதி, கணினி அதனைப் பின்வருமாறு மடக்குகிறது:

கனமழையால் நாகப்பட்டினம்
மாவட்டத்தில் பள்ளிகளுக்கு
மட்டும் நாளை விடுமுறை;
கல்லூரிகளுக்கு விடுமுறை
இல்லை என மாவட்ட
ஆட்சியர் அறிவித்துள்ளார்.

நான்காம் வரியில் குரல் தாழ்ந்தால், கல்லூரிகளுக்கும் விடுமுறை என்றே கேட்பவர் கொள்வர். ‘இல்லை’ என்னும் சொல் பின்னர் வந்தாலும், அதற்குள் ஒரு மாணவர் தொலைக்காட்சியை விட்டு எழுந்துபோயிருக்கலாம். தமிழில் எதிர்மறை பெரும்பாலும் தொடரின் இறுதியில் வருவதால் இவ்விடர் மிகுதி. ‘பள்ளிகளுக்கு மட்டும்’, ‘மாவட்ட ஆட்சியர்’ ஆகியனவும் இங்கு உடைந்துள்ளன. இதே செய்தியைக் கருத்தின் வழியே பிரித்தால் இவ்வாறு அமையும்:

நாகப்பட்டினம் மாவட்டத்தில்
கனமழை பெய்து வருகிறது.

இதனால் நாளை
பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை.
கல்லூரிகளுக்கு விடுமுறை இல்லை.

மாவட்ட ஆட்சியர்
இவ்வாறு அறிவித்துள்ளார்.

இங்கு வரி மட்டும் மாறவில்லை, தொடரும் மாறியுள்ளது. ஒரு நெடுந்தொடர் நான்கு சிறுதொடர்களாகியுள்ளது. கருத்து மாறும் இடத்தில் விடப்பட்ட வெற்று வரி, மூச்சு வாங்கவும் குரலை மாற்றவும் இடமளிக்கிறது.

எங்குப் பிரிப்பது, எங்குப் பிரிக்கலாகாது என்பதற்கு இலக்கண அறிவே துணைநிற்கும். பெயரெச்சத்தையும் அது தழுவும் பெயரையும் பிரித்தல் கூடாது. ‘காயமடைந்த’ என்று ஒரு வரி முடிந்தால், யார் காயமடைந்தார் என்பதறியாமல் குரல் தொங்கி நிற்கும். எண்ணும் அதன் அலகும், தலைப்பெழுத்தும் பெயரும் ஒரே வரியில் அமைய வேண்டும். வல்லின ஒற்று மிகும் இடமும் ஓர் அடையாளமாகும். ‘மழைக் காலம்’ என்பதில் உள்ள க் அடுத்த சொல்லோடு சேர்த்து ஒலிக்குமாறு நாவைப் பணிக்கிறது. அங்கு வரி முறிந்தால் கண் நிறுத்தச் சொல்லும், ஒற்று தொடரச் சொல்லும். மாறாக, ‘மழை பெய்ததால்’ போன்ற காரணத் தொடரின் முடிவிலும், நீண்ட எழுவாய்த் தொடரின் முடிவிலும் வரியை இயல்பாகப் பிரிக்கலாம்.

நன்கு பிரிக்கப்பட்ட உரையும் படப்பிடிப்பு அரங்கில் சிதைவதுண்டு. வாசிப்பவர் தொலைவில் அமர்ந்தால் எழுத்தின் அளவைக் கூட்டுவர். அப்போது எழுதியவர் பிரித்த வரிகள் திரைக்குள் அடங்காமல் மீண்டும் மடங்கும். ஒற்றைச் சொல் தனி வரியில் விழும். ஆதலின், எழுத்தின் அளவை முதலில் உறுதிசெய்து, அதன்பின் வரிகளைப் பிரிப்பதே முறை. அளவு மாறினால் உரை முழுவதையும் மீண்டும் பார்த்தல் வேண்டும்.

இறுதியாக, உரையை ஒருமுறை உரக்கப் படித்தறிய வேண்டும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் வேண்டுமென்றே சற்று நிறுத்தி, அதுவரை கேட்டதைக் கொண்டு பிறர் தவறாகப் பொருள்கொள்ள இடமுண்டா என்று ஆராய வேண்டும். இடமிருப்பின், அவ்வரியை மாற்றிப் பிரிக்க வேண்டும். அதுவும் இயலாதாயின் தொடரையே மாற்றி எழுத வேண்டும்.